சோப்புக் கட்டி விற்கும் வழி: இணையச் சந்தையா, சொந்தத் தளமா?

கையால் தயாரிக்கப்படும் குளியல் சோப்பு, கூந்தல் எண்ணெய், முகப்பூச்சு முதலிய ஒப்பனைப் பொருள்களைச் சிறு அளவில் செய்யும் அலகுகள் இன்று நம் நாட்டின் பல மாநிலங்களில் இயங்கி வருகின்றன. இவற்றுட் பல, மகளிர் சுய உதவிக் குழுக்கள். சில, ஓரிருவர் தம் சேமிப்பைக் கொண்டு தொடங்கியவை. தயாரிப்பைக் கற்றுக்கொள்வது இவர்களுக்குப் பெருஞ்சுமையாக இருப்பதில்லை. விற்பனை என்று வரும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற பெரிய இணையச் சந்தைகளில் பொருளைப் பட்டியலிடுவதா, அல்லது தம் பெயரிலேயே ஓர் இணையதளம் அமைத்து அதன் வழியே விற்பதா என்பதே அவர்கள் முன் நிற்கும் கேள்வி.

இக்கேள்விக்கு விடையைக் கமிஷன் விகிதத்தில் தேடுவது வழக்கமாகிவிட்டது. சந்தை நூற்றுக்கு இவ்வளவு எடுத்துக்கொள்கிறது, சொந்தத் தளத்தில் அது மிச்சமாகும் என்பது பொதுவாகக் கூறப்படும் வாதம். ஆனால் அண்மை ஆண்டுகளில் இவ்வாதத்தின் அடித்தளமே ஆட்டங்கண்டுள்ளது. மீஷோ 2021ஆம் ஆண்டிலேயே விற்பனையாளரிடம் கமிஷன் பெறுவதைக் கைவிட்டது. அமேசான் நிறுவனம் 2025 ஏப்ரலில், 300 ரூபாய்க்குக் குறைவான விலையுள்ள பல வகைப் பொருள்களுக்குக் கமிஷனை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் 1,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்கு அவ்வாறே அறிவித்தது. கைவினைச் சோப்புகளின் விலை பெரும்பாலும் இந்த வரம்புகளுக்குள்ளேயே அடங்குகிறது. எனவே இரு வழிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கமிஷனில் காண முயல்வது வீண். அஞ்சற் செலவிலும், ஒரு புதிய வாங்குநரைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவிலும், சரக்கு-சேவை வரியின் ஒரு மூலையிலுமே அது ஒளிந்திருக்கிறது. இவற்றை ஓர் அலகின் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

ஓர் அலகின் கணக்கு

தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு குளிர்முறையில் சோப்புக் காய்ச்சும் ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். ("காய்ச்சும்" என்பது பழக்கத்தால் வரும் சொல்; குளிர்முறையில் கொதிக்க வைப்பதில்லை. காரக் கரைசலையும் எண்ணெயையும் இளஞ்சூட்டில் கலந்து அச்சில் ஊற்றி, மறுநாள் துண்டாக்கி, நான்கு முதல் ஆறு வாரம் வரை காற்றோட்டமான தட்டுகளில் அடுக்கி உலர விடுவார்கள்.) கணக்குக்காக, ஒரு கட்டி 100 கிராம் என்றும், ஒரு கட்டிக்குக் கூலி, எண்ணெய், நறுமணம், உறை எல்லாம் சேர்த்து அடக்கவிலை 45 ரூபாய் என்றும் கொள்வோம். மூன்று கட்டிகளை ஒரு பெட்டியில் வைத்து, வரி உட்பட 360 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப் பெட்டிக்கு 15 ரூபாய். ஆக, தயாரிப்புச் செலவு 150 ரூபாய்.

ஏன் மூன்று கட்டி என்று வாசகர் கேட்கலாம். இதற்குக் காரணம் கூரியர் நிறுவனங்களின் எடைப்படிகள். பெரும்பாலான கூரியர் கட்டணங்கள் அரைக் கிலோவை முதற்படியாகக் கொண்டு அமைந்தவை. 100 கிராம் கட்டி ஒன்றை அனுப்பினாலும், பெட்டியுடன் சேர்த்து 400 கிராம் எடையுள்ள மூன்று கட்டிகளை அனுப்பினாலும் கட்டணம் ஒன்றே. 120 ரூபாய்ச் சோப்பு ஒன்றுக்கு 80 ரூபாய் அனுப்புகூலி கொடுத்தால் எந்த வழியில் விற்றாலும் நட்டமே மிஞ்சும். இதையொட்டி இன்னொரு விதியும் உண்டு: பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் கிடைப்பதைக் கிலோவாகக் கருதி, உண்மை எடையைவிட அது மிகுதியாயின் அதற்கே கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பல. 20க்கு 15க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி 600 கிராமாகக் கணக்கிடப்பட்டு இரண்டாம் படிக்குப் போய்விடும். உயரத்தை 8 சென்டிமீட்டராகக் குறைத்தால் 480 கிராம், முதற்படிக்குள் அடங்கிவிடும். அழகான பெட்டி வேண்டுமென்று அலங்காரத் தாளைத் திணித்துப் பெட்டியைப் பெரிதாக்கும் அலகுகள் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு படிக் கட்டணத்தை இழக்கின்றன. மாத முடிவில் கூரியர் பட்டியலில் "600 கிராம்" என்று திரும்பத் திரும்ப வருவதைக் கண்டால் இந்தப் பிழை நடந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

இனி விற்பனைக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் கட்டி வடிவக் குளியல் சோப்புக்கான சரக்கு-சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே 360 ரூபாயில் வரி 17 ரூபாய் போக அலகுக்கு வருவது 343 ரூபாய்.

இணையச் சந்தையில் விற்றால்: கமிஷன் இல்லை என்றே கொள்வோம். நிலைக் கட்டணமும் அனுப்புகூலியும் சேர்ந்து 95 ரூபாய். தேடல் பக்கத்தின் மேற்பகுதியில் இடம்பெறச் சந்தைக்குச் செலுத்தும் விளம்பரக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு 6 ரூபாய், பன்னிரண்டு பேர் பார்த்தால் ஒருவர் வாங்குகிறார் என்றால் ஒரு விற்பனைக்கு 72 ரூபாய். பத்து விற்பனைகளில் நான்குதான் விளம்பரத்தால் வருபவை எனில் சராசரி ஏறத்தாழ 30 ரூபாய். திரும்பி வரும் பொட்டலங்களுக்காக 10 ரூபாய். தயாரிப்புச் செலவு 150ஐயும் சேர்த்து மொத்தச் செலவு 285. மீதம் 58 ரூபாய்.

சொந்தத் தளத்தில் விற்றால்: சிறு அலகு கூரியருடன் பேரம் பேசும் வலிமை குறைந்தது என்பதால் அனுப்புகூலி 80 ரூபாய். பணம் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனத்திற்கு 2 சதவீதம், அதாவது 7 ரூபாய். பொருள் கைக்கு வந்த பின்பே பணம் கொடுக்கும் முறையை அறிமுகமற்ற வாங்குநர்கள் விரும்புவார்கள். நூறு பொட்டலங்கள் உரியவர் கையில் சேரும்போது இன்னும் பத்துப் பொட்டலங்கள் வாசலில் மறுக்கப்பட்டுத் திரும்புகின்றன என்றால், போகவும் வரவும் தலைக்கு 150 ரூபாயாக 1,500 ரூபாய் வீணாகும். ஒரு விற்பனையின் மேல் 15 ரூபாய் ஏறும். இதுவரை செலவு 252, மீதம் 91. சந்தையைவிட 33 ரூபாய் கூடுதல். சொந்தத் தளத்தை ஆதரிப்போர் இத்துடன் கணக்கை முடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வாங்குநர் எங்கிருந்து வந்தார்? பெயரறியாத ஒரு தளத்திற்கு யாரும் தற்செயலாக வந்து சேர்வதில்லை. சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்து அழைத்து வர வேண்டும். ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் என்றும், வருவோரில் ஐம்பதில் ஒருவர் வாங்குகிறார் என்றும் கொண்டால், ஒரு முதல் விற்பனைக்கு விளம்பரச் செலவு 250 ரூபாய். 91 ரூபாய் மிச்சம் 159 ரூபாய் நட்டமாக மாறிவிடுகிறது. ஐம்பதில் ஒருவர் என்பது மோசமான விகிதமன்று. சந்தையில் பன்னிரண்டில் ஒருவர் வாங்குவதற்குக் காரணம், அங்கு வருவோர் சோப்பு வாங்கவே வந்தவர்கள் என்பதுதான். சமூக ஊடகத்தில் நாம் அழைப்பது வேறு வேலையில் இருப்பவரை. கடைவீதியில் நடப்பவரையும், வீட்டுத் திண்ணையில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவரையும் ஒரே கூவலில் அழைக்க முடியாதல்லவா?

வரியின் மூலை

இதற்கு மேல் ஒரு சிக்கல் உள்ளது. சோப்பின் வரி குறைந்தது நுகர்வோருக்கு நன்மை. தயாரிப்பாளருக்கும் விலைப் போட்டியில் நன்மை. ஆயினும் அலகு வாங்கும் சேவைகளான கூரியர், விளம்பரம், சந்தைக் கட்டணம் ஆகியவற்றின் மீது வரி 18 சதவீதமாகவே தொடர்கிறது. வாங்கியவற்றின் மீது கட்டிய வரியை விற்றதன் மீதான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது இவ்வரியின் அடிப்படைக் கோட்பாடு. விற்பனை வரி 5 சதவீதமாக இருக்கும்போது கழிப்பதற்கு இடமே சிறிதாகிவிடுகிறது. உள்ளீட்டு வரி விற்பனை வரியைவிட மிகும்போது, மூலப்பொருள்கள் மீதான மிகை வரியைத் திரும்பப் பெற வழியுண்டு. சேவைகள் மீதான மிகை வரிக்கு அந்த வழி கிடையாது. இவ்வேறுபாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில், ஒரு காலணி நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

நம் கணக்கில் இதைப் பொருத்திப் பார்ப்போம். மூலப்பொருள் மீது கட்டிய வரி ஒரு பெட்டிக்கு 5 ரூபாய் என்போம். சந்தை வழியில் 125 ரூபாய்ச் சேவைக்கு வரி 22 ரூபாய் 50 காசு. மொத்தம் 27 ரூபாய் 50 காசு. கழிக்க முடிந்தது 17 மட்டுமே. ஏறத்தாழ 10 ரூபாய் முடங்குகிறது. மீதம் 58 என்றது 48 ஆகிறது. சொந்தத் தளத்தின் முதல் விற்பனையில் 337 ரூபாய்ச் சேவைக்கு வரி ஏறத்தாழ 61. முடங்குவது 49 ரூபாய். 159 ரூபாய் நட்டம் 208 ஆகிறது. பழைய 18 சதவீத வரியின் கீழ் இதே விலையில் விற்பனை வரி 55 ரூபாயாக இருந்திருக்கும். சந்தை வழியில் முடக்கம் எதுவும் இருந்திராது. வரிக் குறைப்பு விளம்பரத்தை நம்பி விற்போரின் மீது இவ்வாறு மறைமுகமாகச் சுமையேற்றும் என்பதைப் பலர் தம் ஆண்டுக் கணக்கில், பயன்படாமல் குவிந்து கிடக்கும் வரிக் கழிவைக் கண்ட பின்னரே உணர்கிறார்கள். முகப்பூச்சு போன்ற 18 சதவீத வரிப் பொருள்களையும் அதே அலகு விற்குமானால் இந்தக் குவியல் அவற்றின் வரியில் கரைந்துவிடும். சோப்பு மட்டுமே செய்யும் அலகுக்கு அந்த வாய்ப்பில்லை.

இரண்டாம் பெட்டி

இப்படியிருக்க, சொந்தத் தளம் வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஏனெனில் சோப்பு தீர்ந்துபோகும் பொருள். ஒரு சிறு குடும்பத்திற்கு மூன்று கட்டிகள் ஏறத்தாழ ஒன்றரை மாதம் வரும். அவ்வாங்குநர் தளத்தின் முகவரியை நினைவில் வைத்துத் தாமே திரும்பி வந்தால் விளம்பரச் செலவு இல்லை. நம்பிக்கை பிறந்துவிட்டதால் முன்பணம் செலுத்துவார். திரும்பிவரும் பொட்டலத்திற்கென 5 ரூபாய் ஒதுக்கினால் போதும். 343இல் தயாரிப்பு 150, அனுப்புகூலி 80, பணப் பரிமாற்றம் 7, ஒதுக்கீடு 5 ஆகியவை போக மீதம் 101. முடங்கும் வரி 4 ரூபாயைக் கழித்தால் 97 ரூபாய். சந்தையில் அதே வாங்குநர் பத்தாம் முறை வாங்கினாலும் கிடைப்பது 48தான். ஏனெனில் அங்கே ஒவ்வொரு முறையும் அவர் சந்தைக்குத்தான் திரும்பி வருகிறாரேயன்றி நம்மிடம் வருவதில்லை.

ஆக, ஒரு வாங்குநரின் வரலாறு சொந்தத் தளத்தில் இவ்வாறு செல்கிறது: முதற் பெட்டியில் 208 ரூபாய் நட்டம், இரண்டாம் பெட்டியில் அது 111ஆகக் குறைகிறது, மூன்றாம் பெட்டியில் 14, நான்காம் பெட்டியில்தான் 83 ரூபாய் ஆதாயம் தலைகாட்டுகிறது. அதே நான்கு பெட்டிகளைச் சந்தையில் விற்றிருந்தால் 192 ரூபாய் கிடைத்திருக்கும். சந்தையை மிஞ்ச ஏழாம் பெட்டி வரை காத்திருக்க வேண்டும்; காலக் கணக்கில் ஏறத்தாழ ஒன்பது மாதம். அதுவரை அலகின் நடைமுறை மூலதனம் தாக்குப்பிடிக்க வேண்டும். எல்லா வாங்குநரும் திரும்பி வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை இன்னும் கடினமாகும். முதல் நட்டமான 208ஐ ஈடுகட்டச் சராசரியாக ஒரு வாங்குநர் இரண்டுக்குச் சற்று மிகுதியான மறு கொள்முதல் செய்ய வேண்டும். நூறு பேரில் முப்பது பேர் மட்டுமே திரும்பினால், அந்த முப்பது பேரும் தலைக்கு ஏழு முறையேனும் மீண்டும் வாங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் விளம்பரத்திற்குச் செலவிட்ட பணமாவது மீளும்.

ஆனால் விளம்பரமின்றி வாங்குநர் கிடைத்தால் முதற் பெட்டியிலிருந்தே மீதம் 97. ஊரகக் கண்காட்சிகளிலும் சரஸ் மேளாக்களிலும் சோப்பை முகர்ந்து பார்த்து வாங்கியவர்கள், பக்கத்து நகரத்தின் கடையில் பார்த்தவர்கள், உறவினர் கொடுத்துப் பழகியவர்கள் ஆகியோரே சொந்தத் தளத்தின் இயல்பான வாங்குநர்கள். மேளாவில் வாங்கியவர் வீடு திரும்பி, மூன்று கட்டியும் தீர்ந்த பின் மீண்டும் அதையே தேடும்போது அவருக்குப் போக ஓரிடம் வேண்டும். சொந்தத் தளத்தின் வேலை அதுவே. அறிமுகமற்றோரை அழைக்கும் இடமாக அதைக் கருதுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் என்பது என் கருத்து.

அதற்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. தளப் பெயர், வாடகைக் கடைத்தளம், சில்லறைப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 2,000 ரூபாய் ஆகுமெனக் கொண்டால், ஒரு பெட்டிக்குச் சந்தையைவிடக் கிடைக்கும் கூடுதல் 49 ரூபாயைக் கொண்டு அதை ஈடுகட்ட மாதந்தோறும் 41 பெட்டிகள் பழைய வாங்குநரிடமிருந்து வர வேண்டும். ஒன்றரை மாதத்திற்கு ஒரு பெட்டி வாங்கும் அறுபது குடும்பங்கள் என்பது அதன் பொருள். அறுபது குடும்பங்களின் பெயரைச் சொல்ல முடியாத அலகுக்கு இப்போதைக்குத் தளம் தேவையில்லை. ஒரு கைபேசி எண்ணும் யு.பி.ஐ. குறியீட்டு அட்டையும் போதும்.

சந்தையில் வாங்கியவரைத் தளத்திற்கு அழைத்து வரலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, "அடுத்த முறை எங்கள் தளத்தில் வாங்கினால் தள்ளுபடி" என்று அச்சிடுவோர் உண்டு. வாங்குநரை வெளியே திருப்புவதைப் பெரிய சந்தைகளின் ஒப்பந்த விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடிக்கப்பட்டால் விற்பனையாளர் கணக்கே முடக்கப்படலாம். அப்போது சந்தைக் கிடங்கில் உள்ள சரக்கும் வர வேண்டிய பணமும் சேர்ந்து நின்றுவிடும். உறையின் மீது அலகின் பெயரும் முகவரியும் நுகர்வோர் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அதைத் தெளிவாக, படிக்கத்தக்க எழுத்தில் அச்சிட்டாலே போதும்; விரும்பியவர் தேடிக்கொள்வார்.

உரிமமும் பதிவும்

இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஒப்பனைப் பொருளை விற்பனைக்காகத் தயாரிக்க, 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். இப்போது நடைமுறையில் உள்ளவை 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள். தனக்கெனத் தயாரிப்புக் கூடம் இல்லாதவர், உரிமம் பெற்ற வேறொரு கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் இரவல் உரிமமும் உண்டு. சந்தைகள் பட்டியலிடும்போதே ஆவணம் கேட்கின்றன. சொந்தத் தளத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் தேவையில்லை என்று கருதிவிடுகிறார்கள். விளம்பர வாசகத்திலும் இதே நிலைதான். "பருவை குணமாக்கும்", "தோல் நோய் தீரும்" என்று எழுதினால் பொருள் ஒப்பனையிலிருந்து மருந்தின் எல்லைக்குப் போய்விடுகிறது; அதற்குரிய உரிமம் வேறு. சொந்தத் தளத்தில் எழுதுகோல் நம் கையில் இருப்பதாலேயே இத்தவறு அங்கு மிகுதி.

வரிப் பதிவைப் பொறுத்தமட்டில், சரக்கு விற்போருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 40 லட்ச ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது பொதுவிதி. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்கும் பதிவற்ற சிறு வணிகர்களும் ஒரு சேர்க்கை எண் பெற்று இணையச் சந்தைகள் வழியே விற்கலாம். மாநில எல்லையைத் தாண்டி ஒரு பெட்டி போனாலும் சந்தையாயினும் சொந்தத் தளமாயினும் பதிவு கட்டாயம். சந்தை, பதிவு பெற்ற விற்பனையாளருக்குப் பணம் தரும்போது விற்பனை மதிப்பில் அரை சதவீதத்தைச் சரக்கு-சேவை வரியாகப் பிடித்துக்கொள்கிறது. 2024 ஜூலைக்கு முன் இது ஒரு சதவீதமாக இருந்தது. அதைச் செலவு என்று எழுதுவது தவறு. கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வரும். தாக்கல் செய்யாதவருக்குத்தான் அது செலவு.

சொந்தத் தளம் வைத்திருப்பவருக்குக் கடமை ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். குழுவில் ஓர் உறுப்பினரையே அவ்வாறு அமர்த்தலாம். அவர் உண்மையிலேயே தொலைபேசியை எடுப்பவராக இருக்க வேண்டும்.

சரக்கு எங்கே இருக்கிறது?

கையால் செய்த பொருளுக்கே உரிய இன்னொரு வேறுபாட்டைப் பொருளாதாரக் கணக்குகள் காட்டுவதில்லை. சந்தையின் கிடங்கில் சரக்கை வைத்து அவர்களையே அனுப்பச் செய்தால் விரைவாகச் சேரும்; தேடலிலும் முன்னிடம் கிடைக்கும். ஆனால் குளிர்முறைச் சோப்பு தொழிற்சாலைச் சோப்பைப் போன்றதன்று. எண்ணெயில் ஒரு பகுதி சோப்பாக மாறாமல் மென்மைக்காக விடப்பட்டிருக்கும். அந்த எண்ணெய் வெப்பத்திலும் ஈரத்திலும் காறிப்போகும். கட்டியின் மேல் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றுவதும், பழைய எண்ணெய் வாடை அடிப்பதும் அதன் அறிகுறிகள். மழைக் காலத்தில் மூன்று மாதம் தொலைதூரக் கிடங்கில் கிடந்த பெட்டியைத் திறக்கும் வாங்குநர், அலகு அதைப் பார்ப்பதற்கு முன்பே ஒற்றை நட்சத்திரம் போட்டு முடித்திருப்பார். அந்த மதிப்பீடு அடுத்த நல்ல தொகுதியின் மேலும் படிந்து நிற்கும்.

எடையும் இத்தகையதே. வெட்டியபோது 100 கிராம் இருந்த கட்டி உலர்ந்து முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு எடையைக்கூட இழக்கும். ஆறு வாரம் பொறுக்காமல் மூன்றாம் வாரமே உறையிட்டு அனுப்பினால், உறையில் அச்சிட்ட எடைக்குக் கீழே கட்டி இறங்கிவிடுகிறது. எடையளவுச் சட்டத்தின்படி இது குற்றமாகலாம். வாங்குநர் சமையலறைத் தராசில் நிறுத்துப் படம் எடுத்துப் போட்டால் வழக்கைவிட அதிகச் சேதம். சந்தையில் ஆர்டர்கள் குவியும் திருவிழாக் காலத்தில் இந்த அவசரம் தவறாமல் நேர்கிறது. சொந்தத் தளத்தில் "அடுத்த தொகுதி இன்ன தேதியில்" என்று எழுதி வைத்து வாங்குநரைக் காத்திருக்கச் செய்யலாம், பழகியவர்கள் காத்திருப்பார்கள். சந்தையில் இருப்பு இல்லையெனில் தேடலில் பட்டியல் கீழே இறங்கிவிடும். ஆகையால் சந்தையில் விற்பவர், கூடுமானவரை தம் அலமாரியிலிருந்தே அனுப்பும் முறையைத் தேர்ந்து, கிடங்கிற்கு ஒரு மாத விற்பனைக்கு மேல் அனுப்பாதிருப்பது நலம். 110 முதல் 112 கிராமாக வெட்டி, உலர்ந்த பின் நிறுத்து, குறைந்தவற்றைத் தனியே ஒதுக்கி மேளாக்களில் துண்டுகளாக விற்கும் வழக்கத்தை நான் பார்த்த ஒரு குழு கைக்கொண்டிருந்தது. அவர்களிடம் எடைப் புகார் வந்ததே இல்லை என்று பெருமையோடு சொன்னார்கள்.

வணிகப் பெயரைப் பதிவு செய்வதும் இங்கே பொருந்தும். ஒப்பனைப் பொருள்கள் மூன்றாம் வகுப்பில் அடங்குகின்றன. தனிநபருக்கும் சிறு நிறுவனத்திற்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு இல்லாதபோது, சந்தையில் நம் பட்டியலின் மேலேயே வேறொருவர் தம் சரக்கை இணைத்து விலையை ஐந்து ரூபாய் குறைத்து விற்றால் தடுப்பது கடினம். திடீரென்று பட்டியலில் பார்வைகள் இருந்தும் ஆர்டர் நின்றுபோனால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உருவாகி வருகிறது. மின்வணிகத்திற்கான திறந்த வலையமைப்பு, ஓ.என்.டி.சி. எனப்படுவது, 2021 டிசம்பர் இறுதியில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு செயலியில் பட்டியலிட்ட பொருளை வேறு செயலியின் வாங்குநரும் காணலாம் என்பது அதன் அமைப்பு. சுய உதவிக் குழுக்களுக்காக மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் நடத்தும் இ-சரஸ் தளமும் உள்ளது. இவற்றில் பட்டியலிடுவதால் இழப்பு ஏதுமில்லை. எனினும் மேற்சொன்ன 360 ரூபாய்க் கணக்கில் இவை மாற்றுவது கட்டணப் பகுதியை மட்டுமே. அனுப்புகூலியும் எடைப்படியும் அப்படியே நிற்கும்.

ஆகவே ஓர் அலகு முதலில் செய்ய வேண்டியது தளம் கட்டுவதன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாங்குநரின் பெயர், முதல் கொள்முதல் தேதி, மறு கொள்முதல் தேதி ஆகிய மூன்றையும் அவர்தம் இசைவுடன் ஆறு மாதம் குறித்து வர வேண்டும். மேளாவில் வாங்கிய நூறு பேரில் எத்தனை பேர் ஒருமுறை மீண்டும் கேட்டார்கள், எத்தனை பேர் மூன்றாம் முறை கேட்டார்கள் என்று எண்ணினால் போதும். மூன்றாம் முறை கேட்டவர்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் குறை விற்பனை வழியில் இல்லை, கட்டியில் இருக்கிறது. நறுமணம், நுரை, கரையும் வேகம் ஆகியவற்றைத் திருத்திய பிறகே தளத்தைப் பற்றி யோசிக்கலாம். அறுபது குடும்பங்கள் ஒழுங்காகத் திரும்பி வரும் வரை அறிமுகமற்றோருக்குச் சந்தையும் பழகியோருக்குக் கைபேசியும் என்று வைத்துக்கொள்ளலாம்.